ஹோட்டேலுக்கு முன்னால நில்

ஜெகதீஸ்வரி அக்கா ஒரு செய்தியை நேராகச் சொல்லமாட்டா. மாடிப்படியில் கறிவேப்பிலைப் பையை இந்தக் கைக்கும் அந்தக் கைக்குமாக மாற்றிக்கொண்டு, முதலில் குளிரைப் பற்றிச் சொன்னா. பிறகு லிஃப்ட் பழுதானதைப் பற்றி. மூன்றாவதாகத்தான் அது வந்தது.

"உம்மட மனிசன் சுகமோ?"

"ஓம் அக்கா. ஏன்?"

"இல்லை, வியாழக்கிழமை பழைய தையல் பக்டரிக்குப் பின்னால, கார் நிப்பாட்டுற இடத்தில கண்டனான். தனிய நிண்டவர். காதில வயர். ஆரோடயோ கதைக்கிற மாதிரிக் கிடந்தது." பையை மறுபடி மாற்றினா. "சிரிச்சவரும்."

மனோகரி திறப்பைக் கதவில் போட்டபடி, "அவர் பாட்டுக் கேக்கிறவர்" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திய பிறகுதான், தான் அவருக்காக ஒரு பொய் சொல்லியிருக்கிறாள் என்று தெரிந்தது. உருத்திரமூர்த்தி பாட்டுக் கேட்பதில்லை. வியாழக்கிழமை ஆறு மணிவரை டோர்வலில் வேலை என்றல்லவா சொன்னவர்.

டோர்வல் விமான நிலையத்தில் பயணிகளின் பெட்டிகளை ஏற்றி இறக்கி எட்டு வருசம். போன மாரியில் ஒருநாள் குனிந்தவர் நிமிரவில்லை. முள்ளந்தண்டில் இரண்டு சில்லுகள் நசுங்கியிருக்கின்றன, இனிப் பாரம் தூக்கினால் நடக்கவே கஷ்டப்படவேண்டி வரும் என்று டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். ஒரேயொரு வழி இருந்தது. விமானங்களை இழுத்துப் போகிற ட்ரக்டர் ஓட்டுவது. அதற்கு ஓடுபாதைப் பக்கம் வாகனம் ஓட்டுகிற அனுமதிப்பத்திரம் வேண்டும். எழுத்துச் சோதனை ஒன்று, பக்கத்தில் பரிசோதகரை வைத்துக்கொண்டு ரேடியோவில் கட்டுப்பாட்டுக் கோபுரத்தோடு பேசி ஓட்டிக் காட்டுகிற சோதனை ஒன்று. மே மாதம் முடியும்வரை பாரமில்லாத வேலை தந்திருந்தார்கள். அதற்குள் பத்திரம் கையில் இருந்தால் ட்ரக்டர். இல்லாவிட்டால் மறுபடி பெட்டிகள்.

மார்ச் முழுக்க மூர்த்தி குசினி மேசையில்தான் கிடந்தார். ஒரே கதிரை, ஒரே மஞ்சள் விளக்கு, எண்ணெய் பட்ட ஒரே கடதாசிக் கட்டு. மனோகரி புட்டு அவிக்கிறபோதெல்லாம் பின்னால் முணுமுணுப்புக் கேட்கும். பிறகு ஒரு மாலை வந்து, "சோதனையைப் பின்னுக்குப் போட்டிட்டாங்கள்" என்றார். அன்றோடு மேசை வெறுமையாயிற்று. கடதாசிக் கட்டையும் காணவில்லை, ஆளையும் காணவில்லை.

சந்தேகம் ஒரு வேலை மாதிரித்தான். தொடங்கிவிட்டால் அதற்கு நேரம் தானாகக் கிடைக்கிறது. ஜான்-டலோன் சந்தையில் தக்காளியைப் பழுத்தது, பழுக்காதது என்று பிரிக்கிறபோது மனோகரியின் கை ஒரு கணக்குப் போட, மனசு வேறொன்று போட்டது. செவ்வாய் ஒரு மணித்தியாலம் பிந்தினவர். புதன் லோண்டரிக்குப் போகிறேன் என்று போனவர், உடுப்பு உலர எடுக்கிற நேரத்தைவிட இரண்டு மடங்கு நின்றவர். அவள் அதைச் சந்தையில் நினைத்தாள், பஸ்ஸில் நினைத்தாள், மகள் வித்தியாவைக் கூட்டிவரப் பள்ளிக்கூட வாசலில் காத்து நிற்கையில் நினைத்தாள். எந்த இடத்தில் நின்றாலும் அது வந்து பக்கத்தில் நின்றது. வீட்டில் மட்டும் நினைத்திருந்தால் வீட்டோடு விட்டுவிட்டுப் போயிருக்கலாம்.

மூர்த்தியின் சட்டைப் பையில், தோய்க்கப் போடுமுன், அந்த அட்டை கிடைத்தது. அவருடைய கோணல் எழுத்து.

*ஹோட்டேலுக்கு முன்னால நில். அனுமதி இல்லாமல் உள்ள போகாதே. சொன்னதைத் திருப்பிச் சொல்.*

மனோகரி அதை மூன்று முறை வாசித்தாள். அழுக்கு உடுப்புக் கூடைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். பத்து வருசமாக ஒரு கடிதம் எழுதாத மனிசன்.

அடுத்தது கசற். வித்தியாவின் பழைய வோக்மன் அவருடைய மேல்சட்டைக்குள் இருந்தது. போட்டாள். ஒரு பெண்ணின் குரல். இளம் குரல், ஆங்கிலம், கொஞ்சம் அவசரம். ஹோட்டேல் என்றது. விக்டர் என்றது. பிறகு ஒரு நீண்ட மௌனம், அதில் யாரோ பதில் சொல்லவேண்டும் என்பதுபோல. மறுபடி ஹோட்டேல். மனோகரியின் ஆங்கிலம் சந்தைக்குப் போதும், இதற்குப் போதாது. ஆனால் அந்த மௌனத்தை அவள் நன்றாக விளங்கிக்கொண்டாள். அந்த மௌனத்துக்குள் தன் கணவர் பேசுகிறார்.

அவள் கத்தவில்லை. அகதி விசாரணைக்குப் போய் வந்தவள் அவள். அந்த அறையில் இருந்த மனிசன் சத்தம் போடவே இல்லை. சோதனைச் சாவடியை எத்தனை மணிக்குக் கடந்தீர்கள் என்று தொடக்கத்தில் கேட்டான். நடுவில், வேறு கதைக்குள் செருகி, அப்போது வெயிலா என்று கேட்டான். கடைசியில், எழும்புகிற நேரம், அண்டைக்கு மதியம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டான். ஒரே கேள்விதான், மூன்று உடுப்பில். அவள் தப்பிவிட்டாள். முறையை மட்டும் மறக்கவில்லை.

சோறு போடுகிறபோது கேட்டாள். "வியாழன் வேலை கடுமையோ?"

"ஓம், ஒரு பிளைட் பிந்தினது."

காரில், வித்தியாவை நீச்சலுக்கு ஏற்றிப் போகையில் கேட்டாள். "வியாழன் வெளிக்கிடேக்க மழையே?"

"இல்லையே, நல்ல வெயில். வெளியில நிண்டனான்." சொல்லிவிட்டு ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார்.

பல் துலக்குகையில், குளியலறை வாசலில் நின்று கேட்டாள். "வியாழன் ஆரோட சாப்பிட்டனீங்கள்?"

"மரியதாசனோட." வாயில் நுரை. "இல்லை, அவன் அண்டைக்கு லீவு. என்ன மனோ, வியாழன் வியாழன் எண்டு?"

"சும்மா."

மூன்று இடம், மூன்று வியாழன். அவள் விளக்கை அணைத்தாள்.

ஞாயிறு பின்னேரம் மூர்த்தி "காத்தாட நடந்திட்டு வாறன், முதுகுக்கு நல்லம்" என்று இறங்கினார். மனோகரி வித்தியாவை ஜெகதீஸ்வரி அக்காவிடம் விட்டாள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததுதான் சுட்டது. பனி கரைந்து தெருவோரம் அழுக்குத் தண்ணீராக ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு பத்து வீட்டுத் தூரம் விட்டுப் பின்னால் போனாள். அவர் நேரே நடக்கவில்லை. நிறுத்தியிருந்த ஒவ்வொரு காருக்குப் பின்னாலும் ஒரு கணம் நின்று இலக்கத்தகட்டைப் பார்த்து வாய் அசைத்தார். ஆரின்ர காரைத் தேடுறார் என்று நினைத்தாள்.

தையல் பக்டரிக்குப் பின்னால் வெறும் தார்த்தரை. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாகனமும் இல்லை. தரையெல்லாம் வெண்கட்டிக் கோடுகள், வித்தியாவின் வெண்கட்டி. நீளமாக இரண்டு, குறுக்கே நாலைந்து, கோடுகள் சந்திக்கிற இடமெல்லாம் ஓர் ஆங்கில எழுத்து. மூர்த்தி ஒரு கோட்டின்மேல் மெல்ல நடந்தார், கையை வாயருகே பிடித்து ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார், நின்றார், காதில் வயரை அழுத்திக் கேட்டார், தலையாட்டினார்.

வேறு ஒரு பெண்ணும் இல்லை. அது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கவேண்டும். ஆனால் கோபம்தான் வந்தது. விறுவிறுவென்று போய் அவருக்கு முன்னால் நின்றாள்.

மூர்த்தி திடுக்கிடவில்லை. பார்வை எங்கோ இருந்தது. "அதில நிக்காதையும்" என்றார். "அது ஓடுபாதை."

"என்ன?"

"ஓடுபாதை, மனோ. நீர் ஓடுபாதைக்குள்ள நிக்கிறீர்." அப்போதுதான் அவளைக் கண்டார். "நீர் இஞ்ச என்ன செய்யிறீர்?"

"அதை நான் கேக்கிறன். ஹோட்டேல் எங்க?"

அவர் குனிந்து அவளுடைய காலடியைக் காட்டினார். இரண்டு கோடுகள் சந்திக்கிற இடம். எச் என்று எழுதியிருந்தது.

விமானங்கள் ஊர்ந்து போகிற பாதைகளுக்கு எழுத்துத்தான் பெயர். எச்சை ரேடியோவில் எச் என்று சொன்னால் ஆங்கில எட்டுப்போலக் கேட்கும், அதனால் ஹோட்டேல். வி என்றால் விக்டர். கோபுரம் ஓரிடத்தில் நில் என்றால் நிற்கவேண்டும், சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும். அவர் வகுப்பெடுப்பதுபோல் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போனார். மனோகரி கேட்டுக்கொண்டு நின்றாள். காலை எடுக்கவில்லை.

"கசற்றில ஆர்?"

"விமானத்துக்குச் சாப்பாடு கட்டுற பகுதியில வேலை செய்யிற றஜனி. மட்டக்களப்புப் பிள்ளை. கோபுரத்தில ஆண் குரலும் வரும் பெண் குரலும் வரும், ஒரு குரலுக்கு மட்டும் பழகக்கூடாதெண்டு மரியதாசன் சொன்னவன்."

"சோதனையைப் பின்னுக்குப் போட்டிட்டாங்கள் எண்டனீங்கள். பிறகேன் ஒளிச்சுப் படிக்கிறியள்?"

மூர்த்தி வோக்மனை நிறுத்தினார். அது நின்றபோது வந்த சத்தம் பெரிதாகக் கேட்டது.

"பின்னுக்குப் போடேல்லை. நான் பெயில்."

எழுத்துச் சோதனையில் பாஸ். ஓட்டுகிற சோதனையில், வாகனத்துக்குள் ஏறி, கோபுரம் முதல் வார்த்தை சொன்னதும், எல்லாம் துடைத்துவிட்ட மாதிரிப் போயிற்று. "மேசையில எல்லாம் வந்தது, மனோ. கண்ணை மூடினாலும் வந்தது. ஆனா எனக்குத் தெரிஞ்சது அந்தக் கடதாசிதான். எண்ணெய்க் கறைக்குப் பக்கத்தில இருக்கிறது சிவப்பு விளக்கு, மூலையில இருக்கிறது வெள்ளை. ஆர் எண்ட எழுத்துக்கு என்ன பேர் எண்டு கேட்டா ஏயில இருந்து பாடிக்கொண்டு வந்தால்தான் அது வரும். வாகனத்துக்குள்ள கறையும் இல்லை, மூலையும் இல்லை." மரியதாசனிடம் போய் அழாத குறையாகச் சொன்னாராம். திருகோணமலைக்காரன், நாலு வருசமாக ட்ரக்டர் ஓட்டுகிறவன். அவன் சொன்னது இதுதான்: நீ படிச்சது உன்ர மண்டைக்குள்ள இல்லை, உன்ர மேசையில கிடக்கு. அதைத் தூக்கிக்கொண்டு ஊரெல்லாம் திரி. நிண்டு படி, நடந்து படி, எழுதிப் படி, கேட்டுப் படி, இரைச்சலுக்குள்ள படி, தலைகீழாப் படி. பிறகு எங்க கேட்டாலும் வரும்.

"அதுதான் லோண்டரி?"

"லோண்டரி, பஸ், இது. கார் இலக்கத்தில இருக்கிற மூண்டெழுத்தைச் சொல்லிச் சொல்லி நடப்பன். முதல்ல மோசமாத்தான் இருந்தது. மேசையில பத்துக்குப் பத்து, லோண்டரியில பத்துக்கு நாலு. இது சரிவராதெண்டு விடப் பாத்தனான்."

"என்னட்டைச் சொல்லியிருக்கலாம்."

"பெயில் எண்டு சொல்லவோ?"

ஒரு பெண்ணைத் தேடி வந்தவள் ஒரு பொய்யோடு நின்றாள். பொய் சின்னதுதான். ஆனால் நாலு கிழமை தன்னோடு ஒரே மேசையில் சாப்பிட்ட பொய். அதுவும் அவளுக்குப் பிடிபடாமல்.

"இனி வீட்டிலதான் படிக்கிறியள்" என்றாள். "எனக்கு முன்னால."

மூர்த்தி மறுக்கவில்லை. பிடிபட்ட மனிசன் மறுக்கிறதில்லை. ஒரு கிழமை மேசையில் உட்கார்ந்தார். ரேடியோ வேலை செய்யாவிட்டால் கோபுரம் காட்டுகிற விளக்குகளைப் பற்றி மனோகரி கடதாசியைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். சிவப்பு விளக்கு அணையாமல் எரிந்தால்? நிற்கவேண்டும். சிவப்பு விட்டுவிட்டு எரிந்தால்? ஓடுபாதையை விட்டு உடனே விலகவேண்டும். வெள்ளை விட்டுவிட்டு எரிந்தால்? புறப்பட்ட இடத்துக்குத் திரும்பவேண்டும். பச்சை விட்டுவிட்டு எரிந்தால்? போகலாம். ஒரு சொல் பிசகவில்லை. கண் மட்டும் ஒவ்வொரு பதிலுக்கும் கடதாசியின் ஒவ்வொரு பக்கத்துக்குப் போய் வந்தது, கடதாசி அவள் கையில் மறுபுறம் திரும்பியிருந்தபோதும். பெயில் விட்டவர் இவரா என்று அவளுக்கு மறுபடி ஒரு கறுப்பு எண்ணம் வந்தது. இவ்வளவு தெரிந்தவரை யார் பெயிலாக்குவான்? அந்தப் பெயிலும் ஒரு பொய்யோ?

சனிக்கிழமை அவளைக் கூட்டிப்போகச் சந்தைக்கு வந்தார். மாம்பழப் பெட்டிகளுக்கு நடுவில், ஒரு கியூபெக் கிழவி "மெர்சி, மெர்சி" என்று கொத்தமல்லிக்கட்டை முகர்ந்துகொண்டு நிற்க, மனோகரி ஏப்ரன் முடிச்சை அவிழ்த்தபடி, முகத்தைப் பார்க்காமல், அந்த விசாரணைக்காரனைப்போலக் கேட்டாள்.

"சிவப்பு விட்டுவிட்டு எரிஞ்சா?"

"நிக்கோணும்."

அவள் நிமிர்ந்தாள்.

மூர்த்திக்குத் தெரியவில்லை. கிழவிக்கு வழிவிட்டுக்கொண்டிருந்தார். பிறகு தெரிந்தது. முகத்தில் இருந்து இரத்தம் இறங்கியதை அவள் பார்த்தாள். விமானம் இறங்கிக்கொண்டிருக்க, ஓடுபாதையின் நடுவில், விலகு விலகு என்று விளக்குச் சொல்ல, நிற்கிற ட்ரக்டர். அதற்குள் தன் கணவர். யாரும் நடிக்கிற முகம் இல்லை அது.

"ஒரு கிழமையா மேசையில இருத்திவைச்சனீர்" என்றார், குற்றமாக அல்ல, களைத்துப்போய். "திரும்பவும் மேசைக்குப் போயிட்டுது."

மனோகரிக்கு அன்று இரண்டு விஷயம் விளங்கியது. ஒன்று, அவர் சொன்னது உண்மை. மற்றது, அவர் பெயிலானால் இந்த முறை அதில் தன் கையும் இருக்கும். சோதனைக்குப் பதினெட்டு நாள்.

அன்றிலிருந்து அவள் அவரை நிம்மதியாக இருக்கவிடவில்லை. அவளுக்கு வேறு ஒன்றும் புதிதாகப் பழகவேண்டியிருக்கவில்லை. வியாழனைப் பற்றிக் கேட்ட அதே வாய்தான். கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுகிறபோது கேட்டாள். தலைக்கு எண்ணெய் வைத்துக் கண் எரிகிறபோது கேட்டாள். நெடுஞ்சாலையில் லொறி உரசிக்கொண்டு போகிறபோது, டெபனர் கடையில் பால் எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறபோது, ஒரே கேள்வியை வேறு வேறு உடுப்பில் கேட்டாள். பச்சை எரிகிறது என்றாள். எப்படி எரிகிறதென்று சொல்லாமல் விட்டாள், அவர் திருப்பிக் கேட்கிறாரா என்று பார்க்க. வித்தியாவைத் தொலைபேசியில் கோபுரமாக்கினாள். அவள் பிரெஞ்சு கலந்த ஆங்கிலத்தில் கட்டளையிட்டு, அப்பா தவறவிட்டால் "நோன், பப்பா" என்று வெட்டினாள்.

"பொலிஸ் மாதிரிக் கேக்கிறீர்" என்றார் மூர்த்தி ஒருநாள், பால் போத்தலோடு.

"பொய் சொல்லுறவைக்குத்தான் பொலிஸ்."

"அப்ப நான் இன்னும் சிறையால வெளியில வரேல்லை."

"இல்லை. ஓடுபாதையின்ர விளிம்பு விளக்கெல்லாம் மின்னினா?"

"உடன விலகோணும்." கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். "போ என்ர மனுசி, என்னைக் கொல்லாம."

பதில்கள் முதலில் தடுமாறின. பிறகு கண் எங்கும் போகாமல் வந்தன. கடைசிக் கிழமை தும்மலுக்கு நடுவிலும் வந்தன. அவள் ஒருமுறைகூட மெச்சவில்லை. மெச்சினால் அடுத்த கேள்வியின் கூர் மழுங்கிவிடும் என்று நினைத்தாள். மெச்சாததற்கு வேறு காரணமும் இருந்தது. அதை அவள் தன்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

மே இருபத்துநாலு, பின்னேரம் மூன்று மணிக்குத் தொலைபேசி வந்தது. "பாஸ்" என்றார். பின்னால் ஒரு விமானம் எழும்புகிற இரைச்சல்.

"சரி" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும், சப்பாத்தைக் கழற்றவிடாமல், "அந்தச் சோதனைக்காரன் என்ன கேட்டவன்?" என்றாள். சாப்பாட்டில், "எந்த இடத்தில உங்களை நிப்பாட்டினவன்?" என்றாள். மூர்த்தி மூன்றாம் கேள்விக்கு முன்னமே பையைத் திறந்து, படம் ஒட்டிய அட்டையை மேசையில் வைத்தார். அவள் அதைக் கையில் எடுத்து இரண்டு பக்கமும் பார்த்தாள். பின்பக்கத்தையும் பார்த்தது தெரிந்து அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் கொஞ்சம் அழுதாள். இனி அவர் குனியவேண்டாம்.

வெள்ளிக்கிழமை டொலார்ட் முருகன் கோயிலுக்குப் போகிற வழியில், சென் ரெஜிஸ் தெருச் சிவப்பு விளக்கில் கார் நின்றது. வித்தியா பின்னால் நித்திரை.

"அந்தக் கசற்றில ஆரெண்டு சொன்னனீங்கள்?"

மூர்த்தி உடனே திரும்பவில்லை. அவள் அதையும் கவனித்தாள்.

"றஜனி. சாப்பாட்டுப் பகுதி. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில, குளிர் அறைக்குள்ள வைச்சுப் பதிஞ்சவ. அதுதான் அவ்வளவு அவசரம், பல்லுக் கிடுகிடுத்தது." கொஞ்சம் யோசித்தார். "அவவுக்கு ஒண்டு வாங்கிக் குடுக்கோணும், பாஸ் பண்ணினதுக்கு. என்ன வாங்கலாம்?"

மனோகரி இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தார்த்தரையில் சொன்னது. காரில் சொன்னது. பெயர் ஒன்றுதான், வேலை ஒன்றுதான். குளிர் அறை புதிது. ஒன்றை ஒன்று வெட்டவில்லை. பாடமாக்கிய பொய்யென்றால் ஒரு சொல் பிசகாமல் அப்படியே வந்திருக்கும் என்று ஒரு மனம் சொன்னது. பதினெட்டு நாள் இடமிடமாகக் கேட்டு, எங்கே கேட்டாலும் தடுமாறாமல் சொல்லப் பழக்கியவள் நீதானே என்று மற்ற மனம் சொன்னது. இனி இந்த மனிசனை மடக்குவதற்கு அவளிடம் ஒரு கருவியும் மிச்சமில்லை. நம்புவது மட்டும்தான் மிச்சம். அது அவளுக்குப் பழக்கமில்லாத வேலை.

"ஒரு கம்பளிச் சால்வை வாங்குவம்" என்றாள். "குளிர் அறையில வேலை செய்யிற பிள்ளை."

"நல்லம். இன்னும் எத்தனை இடத்தில இதைக் கேக்கப்போறீர்?"

விளக்குப் பச்சையானது. பின்னால் நின்றவன் ஹோர்ன் அடித்தான்.

"தெரியாது" என்றாள் மனோகரி. "சால்வையை நானே கொண்டுவந்து குடுக்கிறன். டோர்வலில வைச்சு இன்னும் கேக்கேல்லை."